தலையாட்டிய வாய்தா

அன்று மாலை கட்சிக்காரருக்கு நான் அனுப்பிய செய்தி இதுதான்: "ஐயா, எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டதால் இன்று உங்களைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அடுத்த வாய்தா வரும் 18ஆம் தேதி, அதே குறுக்கு விசாரணைக்காக. காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். அசல் பத்திரங்கள் ஏற்கெனவே குறியீடு செய்யப்பட்டு நீதிமன்றத்திலேயே இருக்கின்றன. எதுவும் எடுத்துவர வேண்டாம். உங்கள் நிரூபண வாக்குமூலத்தின் நகலை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்."

எதுவும் விடுபடவில்லை என்றே நினைத்தேன். பதில் வந்தது: "சார், அவர் கேட்டபோது நீங்கள் தலையாட்டியதைப் பார்த்தேன்."

ஆட்டினேன்தான். வேறொரு நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதாக எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்தார். ஆட்சேபணை இல்லை என்றேன். வக்கீலுக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை இருப்பது ஒத்திவைக்கக் காரணமாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 17 தெளிவாகவே சொல்கிறது. அது எனக்குத் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். ஆனால் நான் மறுத்து, குறுக்கு விசாரணை இல்லை என்று நீதிபதி சாட்சியத்தை முடித்திருந்தால் என்ன ஆகும்? சாட்சியத்தை மீண்டும் திறக்கவும் சாட்சியைத் திரும்ப அழைக்கவும் மனுக்கள் வரும். நான் எதிருரை போட வேண்டும், அதற்குத் தனி விசாரணை, தனி உத்தரவு. செலவுத்தொகை விதித்துப் பெரும்பாலும் அனுமதித்துவிடுவார்கள். தள்ளுபடி செய்தால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. ஒரு வாய்தாவை மிச்சப்படுத்தப் போய் மாதக்கணக்கில் இழப்போம். இதையெல்லாம் விளக்கிப் பதில் எழுதினேன். "சரி சார்" என்று மட்டும் வந்தது.

நான் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் தலையாட்டிய நொடியில் இத்தனையும் யோசித்தேனா? நாளை எனக்கும் எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஒரு வாய்தா தேவைப்படும் என்பதும் அதில் இருந்தது. அதைச் செய்தியில் எப்படி எழுதுவது? விடுப்பு எடுத்துவிட்டு, என்ன கேட்பார்களோ என்று இரவெல்லாம் உறங்காமல் வந்து உட்கார்ந்திருந்தவர் கட்சிக்காரர். குறைந்தபட்சம் செலவுத்தொகையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் சிறு தொகைக்கு உத்தரவாகியிருக்கும். அதைவிட, இனி அவகாசம் கேட்டால் கிடைக்காது என்பது பதிவாகியிருக்கும். எதிர்த்தரப்பு முகம் சுளித்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் நேரத்துக்கே வந்தார். குறுக்கு விசாரணை மதியத்துக்குள் முடிந்தது. நமக்குப் பாதகமாக எதுவும் வரவில்லை. என் கணக்குச் சரிதான் என்று சொல்லிக்கொண்டேன். வெளியே வந்ததும் கட்சிக்காரர் கேட்டார்: "இவ்வளவுதானா சார்? அன்றைக்கு நீங்கள் விடாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கேட்டு முடித்திருப்பாரே?"

கேட்டிருக்கவும் கூடும். அடுத்த கட்டம் எதிர்த்தரப்புச் சாட்சியம், தேதியைச் செய்தியில் அனுப்புகிறேன் என்றேன்.