மிக்ஸி ஜார் வீடியோவுக்கு வந்தவர்கள் எல்லாம் மிக்ஸி வாங்க வந்தவர்கள்

அண்ணன் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஜார் அடியில் ஒழுகினால், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷை எப்படி மாற்றுவது என்று நான் படம் பிடித்து யூடியூபில் ஏற்றினேன். படம் பிடித்ததிலும் எடிட்டிங்கிலும் பிரச்சினை இல்லை. தலைப்பு, விவரம், டேக் மூன்றையும் மட்டும் "நான் பார்த்துக்கிறேண்ணே, டேக்லதான் எல்லாமே இருக்கு" என்று சேனல் வளர்த்துக் கொடுக்கும் ஒரு தம்பி காசு வாங்கிக்கொண்டு செய்தார். அங்கேதான் கெட்டது.

அவர் வைத்த தலைப்பு: "மிக்ஸி வச்சிருக்கீங்களா? உடனே பாருங்க!!!" விவரப் பெட்டியில் வாக்கியமே கிடையாது, mixie price, best mixer grinder, offer என்று கமா போட்ட வார்த்தைக் குவியல். வியூஸ் வந்தது. கமெண்டில் "எந்த மிக்ஸி வாங்கலாம் சார்?" என்று கேள்விகளும் வந்தன. ஜார் ஒழுகுகிறது என்று ஒருவர்கூட எழுதவில்லை.

தம்பி வியூஸைக் காட்டியே சமாளித்தார். நான் யூடியூப் ஸ்டூடியோவில் Analytics திறந்து, Reach பகுதியில் YouTube search என்பதை அழுத்தினேன். பார்ப்பவர் என்ன தட்டச்சு செய்து நம்மிடம் வந்தார் என்பது அங்கே வரிசையாக இருக்கும். இருந்ததெல்லாம் விலை கேட்கும் தேடல்கள். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கோடோ முதல் அரை நிமிடத்திலேயே செங்குத்தாக விழுந்திருந்தது. பொருத்தமில்லாத ஆட்கள் வந்தால் இப்படித்தான் தெரியும்: எண்ணிக்கை ஏறும், கோடு விழும்.

இன்னொன்று, விவரத்தில் டேக்குகளை அள்ளிக் கொட்டுவது யூடியூப் விதிப்படியே தவறு. டேக்கைப் பற்றியும் அவர்களே தங்கள் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: கண்டுபிடிப்பில் அதன் பங்கு மிகக் குறைவு, எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்குத்தான் உதவும் என்று. அதற்குத்தான் நாங்கள் காசு கொடுத்திருந்தோம்!

வீடியோவை அழிக்க வேண்டியதில்லை. அதே வீடியோவில் எழுத்தை மட்டும் மாற்றலாம், லிங்க் மாறாது. கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். "புஷ் போச்சுன்னு எவன்டா சொல்றான்? ஜார் அடியில லீக் ஆகுதுன்னுதான் சொல்லுவாங்க. கறுப்பா தண்ணி வருதும்பாங்க." புஷ் என்பது மெக்கானிக் சொல், வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது ஒழுகல்தான். இன்காக்னிட்டோ ஜன்னலில், அதாவது நம் பழைய தேடல்கள் கலக்காத இடத்தில், mixie jar என்று அடித்து நிறுத்திப் பார்த்தேன். கீழே விழுந்த பரிந்துரைகளும் leakage என்றுதான் போயின, அதுவும் ஆங்கில எழுத்தில்.

தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம். தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "மிக்ஸி" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அந்தப் பெட்டிக்கு ஆறு. போனில் நீளத் தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் பிரச்சினையை முன்னால் வைத்தேன்:

```
மிக்ஸி ஜார் அடியில் லீக் ஆகுதா? புஷ் மாற்றுவது எப்படி | Mixie jar leakage repair in Tamil
```

விவரத்தின் முதல் இரண்டு வரிதான் திறக்காமலே தெரியும். பலர் அங்கே "நம்ம சேனலுக்கு வணக்கம்" என்று எழுதி வீணடிக்கிறார்கள். நான் "ஜார் அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்தால் புஷ்ஷும் வாஷரும் தேய்ந்திருக்கலாம். வீட்டிலேயே மாற்றும் முறை இது" என்று போட்டேன். அதன் கீழே நேரக் குறிப்பு:

```
0:00 எங்கே லீக் ஆகுது
0:50 பிளேடு கழற்றுவது
2:15 புது புஷ் போடுவது
4:40 தண்ணீர் ஊற்றி சோதனை
```

முதல் வரி 0:00 ஆக இல்லாவிட்டால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரியாது. குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடியாவது ஓட வேண்டும். டேக் பெட்டி "Show more" அழுத்தினால்தான் தெரியும். அதில் mixi, mixy, miksi jar leak என்று பிழையான வடிவங்களை மட்டும் விட்டேன்.

மாற்றிய மறுநாளே மறுபடி நோண்டாதீர்கள். தேடல் சொற்கள் சேரக் கொஞ்ச நாள் விட வேண்டும், இல்லையென்றால் எந்த மாற்றம் வேலை செய்தது என்றே தெரியாது. எங்களுக்கு வியூஸ் முன்பைவிட மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் கமெண்ட் மாறிவிட்டது: "புஷ் சைஸ் எப்படிப் பார்த்து வாங்குறது?", "பிளேடு கழறவே மாட்டேங்குது." கோடும் புது புஷ் போடும் இடம்வரை தாங்குகிறது.

தேடல் பட்டியலில் இப்போது mixie motor running blade not rotating என்றும் தெரிகிறது. அது புஷ் பிரச்சினை இல்லை, பெரும்பாலும் மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும் கப்ளர் தேய்ந்திருக்கும். தேடி வந்து ஏமாந்தவர்கள் அவர்கள். அண்ணனிடம் பழைய கப்ளர்களைத் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்; அடுத்த வீடியோவுக்குத் தலைப்பை எழுதிவிட்டுத்தான் கேமராவை எடுக்கப்போகிறேன்.