இன்சுலின் போட்டும் இறங்காத காலைச் சர்க்கரை

கர்ப்பகாலத்தில் பன்னிரண்டு இரவுகள் நான் போட்டுக்கொண்ட இன்சுலின், மருத்துவர் எழுதித் தந்த அளவில் பாதிகூட இல்லை என்பது ஒரு செவிலியர் என் சிரிஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

24-ஆவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சோதனையில் 168 வந்தது. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. இரண்டு வாரம் உணவைக் கட்டுப்படுத்தினேன். பிறகு மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும் தொடங்கினார்கள். முதல் வாரம் வயிறு படாத பாடு பட்டது, உணவோடு சேர்த்து விழுங்கத் தொடங்கியதும் அடங்கியது. எனக்குச் சொல்லப்பட்ட இலக்கு, வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 112, 116 என்று வழிக்கு வந்துவிட்டது. காலை அளவு மட்டும் 102-க்குக் கீழே இறங்க மறுத்தது. இரவுச் சாப்பாட்டில் இட்லியை மூன்றிலிருந்து இரண்டாக்கியும் பலனில்லை, ஏனென்றால் காலை நேரத்துச் சர்க்கரையைச் சாப்பாட்டைவிடக் கல்லீரல்தான் அதிகம் விடுவிக்கிறது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் உடலின் இன்சுலினை அதற்கு எதிராக வேலை செய்ய விடுவதில்லை.

ஆகவே மாத்திரையோடு, படுக்கும் முன் 8 யூனிட் என்.பி.எச். இன்சுலின் சேர்த்தார்கள். ஊசி என்றதும் மாத்திரையையே கூட்டக் கூடாதா என்று கேட்டேன். மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது என்று மருத்துவர் விளக்கியதும் தயக்கம் குறைந்தது.

மருந்துக் கடையில் குப்பியையும் ஒரு கட்டுச் சிரிஞ்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். குப்பியில் மில்லி லிட்டருக்கு 40 யூனிட் என்று அச்சிட்டிருந்தது. சிரிஞ்சோ ஆரஞ்சு மூடி போட்டது, அதாவது 100 யூனிட் மருந்துக்கு உரியது. அந்தச் சிரிஞ்சில் 8 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.08 மில்லி, 40 யூனிட் மருந்தில் அது வெறும் 3.2 யூனிட். எனக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. காலையில் 106, 104, 107 என்றே வந்ததால் அளவை 10 ஆக்கினார்கள், பிறகு 12 ஆக்கினார்கள். இரவில் இனிப்பு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒரு முறை கேட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அடுத்த செக்கப்பில் செவிலியர், "நீங்க எப்படிப் போடுறீங்கன்னு காட்டுங்கம்மா" என்றார். நான் பையிலிருந்து எடுத்ததும், மூடியைப் பார்த்தே, "இதுக்குச் சிவப்பு மூடி போட்டதுதானே வேணும்?" என்றார். ஆபத்து அதோடு முடியவில்லை. சரியான சிரிஞ்சை வாங்கி அதே 12-ஐத் தொடர்ந்திருந்தால், ஒரே இரவில் இரண்டரை மடங்கு மருந்து ஏறி, தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கும். உண்மையில் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தது ஏறக்குறைய 5 யூனிட் என்பதால், சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 5-லிருந்து தொடங்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை இரண்டு யூனிட் கூட்டினார்கள். 9 யூனிட்டில் காலை அளவு 91-க்கு வந்து நின்றது. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். அளவு கூட்டச் சொன்னால், கூட்டும் முன் சிரிஞ்சைக் காட்டுங்கள்.

38-ஆவது வாரத்தில் பிரசவம் நல்லபடியாக நடந்தது. குழந்தைக்கு உடனே பால் கொடுக்கச் சொன்னார்கள், குதிகாலில் குத்திச் சர்க்கரையும் பார்த்தார்கள், தாழவில்லை. அன்று இரவு பத்து மணிக்கு இன்னொரு செவிலியர் ஊசியோடு வந்து நின்றார். பழைய மருந்துச் சீட்டில் 9 யூனிட்டை யாரும் அடித்து நீக்கவில்லை. நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு இந்தத் தேவை வேகமாக மறைந்துவிடும் என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால், "முதலில் சர்க்கரையைப் பாருங்கள் சிஸ்டர்" என்றேன். 88 இருந்தது. டியூட்டி டாக்டர் வந்து இன்சுலின், மெட்ஃபார்மின் இரண்டையும் சீட்டிலிருந்து அடித்து நீக்கினார். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு மருந்தைக் குறைத்துத் தொடர்வார்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் 75 கிராம் சோதனைக்குப் போனேன். ஆய்வகத்தில், மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையே போதும் என்று ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். கர்ப்பமும் பிரசவ ரத்தப்போக்கும் அந்த எண்ணை மாற்றிவிடும் என்பதால் மருத்துவர் அதை ஏற்கவில்லை. கைக்குழந்தையோடு இரண்டாவது முறை போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, நடுவில் பாலும் கொடுத்து முடித்தேன். வெறும் வயிற்றில் 92, இரண்டு மணி நேரத்தில் 128. மாத்திரை வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை சோதனை என்று எழுதித் தந்திருக்கிறார்கள். மிச்சமிருந்த ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சுகளைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.