சித்திரை வெயிலில் வெடியுப்பின் கரைதிறன் வளைவு

பாடப்புத்தகத்தில் கரைதிறன் வளைவு ஒரே கோட்டில் வழுவழுவென்று ஏறிப்போகும். அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் யாரோ உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள் என்பது, நானே எடுக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஜூனில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஒத்திகையாக ஏப்ரல் கடைசியில், தேர்வெல்லாம் முடிந்த பிறகு, மேலூர் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளி ஆய்வகத்தைத் திறந்தேன். உதவிக்கு ஆய்வக உதவியாளர் அண்ணன் மட்டும்.

எடுத்துக்கொண்ட உப்பு பொட்டாசியம் நைட்ரேட், நம் ஊர்ப் பேச்சில் வெடியுப்பு. சமையல் உப்பைச் சூடான தண்ணீரில் போட்டாலும் குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும். வெடியுப்பு அப்படியில்லை. 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் 32 கிராம் போலக் கரைவது, 60 டிகிரியில் 100 கிராமைத் தாண்டிவிடும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும் உப்பு இது. கொதிகுழாயில் உப்பைப் போட்டுத் தண்ணீர் விட்டதும் குழாய் கையில் சில்லென்று இருந்தது. அந்த வெயிலுக்கு அதுவே சுகமாகத்தான் இருந்தது.

முறை எளிது. 8 கிராம் உப்பில் 10 மில்லி தண்ணீர் விட்டு, வெந்நீர் பீக்கரில் வைத்து முழுக்கக் கரைக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து ஆறவிட்டு, முதல் படிகம் கண்ணில் படும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வெப்பநிலையில் 10 கிராம் தண்ணீர் 8 கிராம் உப்பைத்தான் தாங்கும், அதாவது 100 கிராமுக்கு 80 கிராம். இன்னும் 2 மில்லி தண்ணீர் விட்டு மறுபடி கரைத்து ஆறவிட்டால், அதைவிடக் குறைந்த வெப்பநிலையில் அடுத்த புள்ளி கிடைக்கும். எடைக்கு நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. தண்ணீர் அளக்க மெடிக்கலில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சு. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தில் கரைசலைத் தொந்தரவு பண்ணாமல் ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 48 டிகிரியில் படிகம் வர வேண்டும் என்று அட்டவணை பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 48 தாண்டியது, 46 தாண்டியது. கரைசல் கண்ணாடி மாதிரி தெளிவாகவே நின்றது. 44-இல் அண்ணன், "டீச்சர், எடை போட்டதுல தப்பா இருக்குமோ?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். 43-இல் தெர்மாமீட்டரைக் கொஞ்சம் நகர்த்தியதுதான் தாமதம், அடியிலிருந்து மேல்வரை ஊசி ஊசியாகக் கொட்டியது. பாதரச முனை என் கண்ணெதிரே மேலே ஏறி 46-இல் நின்றது.

அந்த ஏற்றம்தான் விஷயத்தைச் சொல்லிவிட்டது. எடையில் தப்பு இருந்து உண்மையான புள்ளியே 43 என்றால், வெப்பநிலை ஏற வேலையே இல்லை. கரைசல் தன் எல்லையைத் தாண்டியும் உப்பைப் பிடித்துவைத்திருந்தது, நாம் அதிதெவிட்டிய கரைசல் என்று பாடம் நடத்துவோமே, அது. முதல் படிகம் உருவாக ஒரு தூண்டுதல் வேண்டும். அது கிடைத்ததும் மொத்தமாகப் படிகமாகி, கரையும்போது உறிஞ்சிய வெப்பத்தை வெளியே விடுகிறது. ஆக, படிகம் திடீரென்று குவியலாக வந்து தெர்மாமீட்டரும் ஏறினால் அந்த அளவீட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். படிகம் தோன்றிய 43-ம் சரியில்லை, ஏறி நின்ற 46-ம் சரியில்லை. அதற்குள் நிறைய உப்பு வெளியே வந்துவிட்டதால், மிஞ்சிய கரைசலின் செறிவு 80 கிராம் கிடையாது.

அதற்கப்புறம் ஒரு எவர்சில்வர் கம்பியைத் தெர்மாமீட்டரைச் சுற்றி வளையமாக வளைத்து, ஆறும்போதெல்லாம் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். குழாய்க்குப் பின்னால் கறுப்புச் சார்ட் தாள், பக்கவாட்டில் போன் டார்ச். இந்த ஏற்பாட்டில் முதல் துகள்கள் மினுக்கென்று தெரிந்துவிடும். 47-இல் தெரிந்தது. உடனே எழுதிக்கொள்ளாமல், குழாயை லேசாகச் சூடாக்கிக் கடைசித் துகள் மறையும் வெப்பநிலையையும் பார்த்தேன். அது 49. ஆறும்போது படிகம் தாமதமாகத்தான் வரும், சூடேறும்போது தாமதமாகத்தான் கரையும். உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. நான் 48 என்று எழுதினேன். இந்த இடைவெளி 2 டிகிரிக்கு மேல் போனால் அவசரப்படுகிறேன் என்று அர்த்தம், இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும்.

சந்தேகம் வந்தால் இன்னொரு வழியும் உண்டு. புட்டியிலிருந்து கடுகில் பாதி அளவு படிகம் ஒன்றை உள்ளே போட்டுப் பார்ப்பேன். அதன் முனைகள் மழுங்கிக் கரைந்தால் கரைசல் இன்னும் தெவிட்டவில்லை. வளர்ந்தால் எல்லையைத் தாண்டியாயிற்று.

12 மில்லி புள்ளி 42 டிகிரியில் ஒழுங்காக வந்தது. 14 மில்லியில்தான் வம்பு. 100-க்கு 57 கிராம், 37 டிகிரியில் வர வேண்டும். எனக்கு 39-இலேயே படிகம். தாமதமாக வந்தால் காரணம் தெரியும், முன்கூட்டி வந்தால் என்ன காரணம்? குழாய், தெர்மாமீட்டர், கம்பி எல்லாவற்றையும் அப்படியே ஒரு டம்ளரில் நிறுத்தித் தராசில் வைத்தேன். காலிச் சாமான்களின் எடையைக் கழித்தால் 22 கிராம் இருக்க வேண்டும், இருந்ததோ 21.2. முதல் இரண்டு புள்ளிகளையும் சுருக்கமாக முடித்திருந்தேன். இந்த முறைதான் கொதிக்கும் பீக்கரில் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அண்ணனோடு பேசிக்கொண்டு இருந்துவிட்டேன். உப்பு ஆவியாகாது, போனது தண்ணீர்தான். 13.2 கிராம் தண்ணீரில் 8 கிராம் உப்பு என்றால் 100-க்கு 60.6 கிராம். அதற்கு 39 டிகிரி சரியான விடைதான்! வெப்பநிலை சரியாக இருந்திருக்கிறது, செறிவுதான் நான் நினைத்தது இல்லை. அந்தப் புள்ளியை அழிக்காமல் 60.6-க்கு நேராக நகர்த்தி வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் எடை போட்டு, குறைந்ததைச் சொட்டுச் சொட்டாக ஈடுகட்டிவிட்டுத்தான் அடுத்த தண்ணீர். சூடாக்குவதும் படிகப் புள்ளிக்கு மேலே 10 டிகிரி வரை போதும், குழாய் வாயில் ஒரு அலுமினியத் தாள்.

சரி, எடையைச் சரிபண்ணிவிட்டு 14 மில்லியை மறுபடி செய்யலாம் என்றால், மணி இரண்டு. ஆய்வகத்துக்குள் 36 டிகிரி. 37-க்கு இறங்க வேண்டிய கரைசல் 39 வரை ஒழுங்காக வந்து, அதற்குப் பிறகு நகரவே மாட்டேன் என்கிறது. வெளிக்காற்றுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லாதபோது எப்படி ஆறும்? குழாய்த் தண்ணீரில் வைக்கலாம் என்று பீக்கரில் பிடித்தேன், மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வருகிற தண்ணீர் 41 டிகிரி. ஆறவைக்கப் போய் சூடாக்கியிருப்பேன். புத்தகத்தில் "அறை வெப்பநிலைக்குக் குளிரவிடவும்" என்று எழுதியவர் மதுரைப் பக்கம் மத்தியானத்தில் வந்திருக்க மாட்டார்.

அண்ணன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜிகர்தண்டா கடையில் சொல்லி ஒரு பை நிறைய ஐஸ் வாங்கி வந்தார். ஐஸ் தண்ணீரில் குழாயை இறக்கினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை, குழாயின் உள்சுவரில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. நடுவில் தெர்மாமீட்டர் காட்டுவது 41. சுவரை ஒட்டிய கரைசல் மட்டும் சட்டென்று குளிர்ந்து அங்கேயே படிகமாகியிருக்கிறது. அதை எழுதினால் பொய் புள்ளி. முதல் ஓட்டத்தின் தப்பு புள்ளியைக் கீழே இழுத்தது, இது மேலே தள்ளுகிறது.

கடைசியில் கைகொடுத்தது ஆசிரியர் அறை மண்பானை. அதன் தண்ணீர் 28 டிகிரி. அதில் கொஞ்சம் டேங்க் தண்ணீர் கலந்தால் 33. கரைசல் இருக்கும் நிலைக்கு நாலைந்து டிகிரி மட்டும் கீழே இருக்கும்படி வெளித்தண்ணீரை வைத்துக்கொண்டு, கம்பியை ஆட்டியபடியே இறக்கினேன். 14 மில்லிக்கு 37 வந்தது. 16 மில்லிக்கு, அதாவது 50 கிராமுக்கு, பானைத் தண்ணீரிலேயே 33. 20 மில்லிக்கு மட்டும் பானைத் தண்ணீரில் ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கீழே கொண்டுபோனேன், 40 கிராமுக்கு 26. மறுநாள் காலையில் புதிதாக 8 கிராமில் 8 மில்லி ஊற்றி மேல்முனைப் புள்ளியையும் எடுத்தேன். 100 கிராமுக்கு 57 டிகிரி. அவ்வளவு செறிவில் குழாயை வெளியே எடுத்த சில நிமிடங்களிலேயே படிகம் வந்துவிடும், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வரைபடத் தாளில் ஏழு புள்ளிகள். ஸ்கேல் வைத்துக் கோடு போட முடியாது. 26-இலிருந்து 37 வரை டிகிரிக்கு ஒன்றரை கிராம் என்று ஏறுவது, 48-க்கு மேலே டிகிரிக்கு இரண்டு கிராமைத் தாண்டுகிறது. கையால்தான் வளைவாக இழுத்தேன். 43-ஐயும் வேண்டுமென்றே சிவப்பு மையில் வைத்தேன், ஜூனில் பிள்ளைகள் அது என்ன என்று கேட்கட்டும் என்று.

மிச்சக் கரைசல்களை ஒரு தட்டில் ஊற்றி உப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். அதைத் தாள், ஸ்பிரிட் விளக்கு பக்கமெல்லாம் வைக்காமல் தனிப் புட்டியில் போட்டாயிற்று, எரிவதைத் தூண்டுகிற உப்பாயிற்றே. 20 மில்லிக் குழாயை மட்டும் ரப்பர் கார்க் போட்டு ஸ்டாண்டிலேயே விட்டோம். மே, ஜூன் எல்லாம் வெறும் தண்ணீர் மாதிரி நின்றது. மார்கழியில் ஒரு நாள் காலை பிரேயருக்கு முன்னால் அண்ணன் வந்து, "டீச்சர், உங்க குழாய்ல ஊசி போட்டிருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். அடியில் விரல்கடை உயரத்துக்கு ஊசிகள். சுவர்த் தெர்மாமீட்டரில் 23. மத்தியானம் மறுபடி போனபோது பாதி கரைந்திருந்தது.