ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டு

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருச்சியில் எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளருக்கு அது போதுமானதாக இருந்தது. "மழைக்காலம் வரப்போகிறது. போன வருடம் நம் தெருவிலேயே இரண்டு பேருக்கு டெங்கு. இந்த மாதக் கூட்டத்தில் நீங்கள் இருபது நிமிடம் பேசுங்கள் அம்மா, புரொஜெக்டர் நான் கொண்டுவருகிறேன்" என்றார். சரி என்றேன். முப்பது வருடம் இதே விஷயத்தைத்தானே ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு இரவுகளில் இருபத்தாறு ஸ்லைடுகள் செய்தேன். வைரஸின் நான்கு வகைகள், ஏடிஸ் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி, ரத்தத் தட்டணுக்கள், எந்த நாளில் எந்தப் பரிசோதனை என எல்லாமே அதில் இருந்தன. எல்லாம் சரியான தகவல்கள்தான். மாடி வீட்டுச் சரஸ்வதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிக்காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். மறுநாள் காலையில் பால் வாங்க வந்தபோது, நேற்றுச் சொன்னதில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். சற்று யோசித்து, "அந்தக் கொசுவின் காலில் வெள்ளை வரி வரியாக இருக்கும், இல்லையா அக்கா?" என்றாள்.

அவ்வளவுதான் தேறியது. வரியைத் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்வாள்? கடிக்க வரும் கொசுவின் காலை யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அந்த ஸ்லைடில் படம் அழகாக இருந்ததால் அது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

இருபத்தாறையும் அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன். கூட்டத்துக்கு வந்தவர் வீட்டுக்குப் போய்ச் செய்யவேண்டிய காரியங்களை மட்டும் எழுதினேன். எழுதிப் பார்த்தால் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று, வாரத்தில் ஒரு நாள் வீட்டில் நீர் தேங்கும் பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது. இன்னொன்று, காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் நோயாளியைக் கவனித்துக்கொண்டே இருப்பது. இந்த இரண்டில் ஒன்றையாவது நம்பவைக்க உதவாத ஸ்லைடை எடுத்துவிட்டேன். நான்கு வகை வைரஸும் போயிற்று. கொஞ்சம் மனம் வலித்தது.

முதல் பாதிக்குப் படம் வேண்டும். இணையத்தில் கிடைப்பவை எல்லாம் பழைய டயர், திறந்த சாக்கடை. எங்கள் தெருவில் சாக்கடை மூடித்தான் கிடக்கிறது. தவிர, இந்தக் கொசு சாக்கடையை நாடுவதும் இல்லை. கொஞ்சம் தெளிந்த நீர் அசையாமல் நின்றால் போதும், அங்கே முட்டையிடும். ஆகவே கைப்பேசியை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு சுற்று நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் பூச்செடி வைத்துவிட்ட பழைய ஆட்டுக்கல், அதன் குழியில் நேற்றைய மழை. ஜன்னலோரத்துக் கண்ணாடிப் புட்டியில் மணி பிளாண்ட். மொட்டைமாடியில் புறாவுக்கு வைத்த மண்சட்டி. இரண்டு படங்கள் எடுத்த பிறகுதான் உறைத்தது: இந்தப் படத்தைத் திரையில் போட்டால், "இது இன்னார் வீடு" என்று மொத்தக் கூட்டமும் அவர் பக்கம் திரும்பும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். சொன்னதையும் செய்யமாட்டார்.

அந்தப் படங்களை அழித்துவிட்டு என் வீட்டுக்கே வந்தேன். ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தேன். பனி தானாக உருகி வடியும் நீரைப் பிடிப்பதற்குப் பின்பக்கம், கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று எனக்கே தெரியாது. டார்ச் அடித்தேன். இரண்டு விரல் உயரத் தண்ணீரில் பதினைந்து இருபது கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கையின் நிழல் பட்டதும் எல்லாம் ஒன்றாக நெளிந்து அடியில் போய்ப் பதுங்கின. சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து மறுபடி தொங்கின. மருந்தாளுநர் வீட்டு ஃபிரிட்ஜ்! வெட்கமாக இருந்தது. ஆனால் முதல் ஸ்லைடு கிடைத்துவிட்டது.

அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை ஹார்லிக்ஸ் புட்டியில் ஊற்றி, வாயில் மெல்லிய துணியை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டால் இறுகக் கட்டினேன். தினமும் ஒரே இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை புழு. புதன்கிழமை பாதி, காற்புள்ளிபோல் வளைந்த கூட்டுப்புழு ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் துணிக்கு அடியில் முதல் கொசு உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை ஏழு. முட்டையிலிருந்து கொசுவாக இந்தப் பருவத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் நான்கு படங்களையும் கிழமை போட்டு ஒரே ஸ்லைடில் வரிசையாக வைத்தபோது, "ஏன் வாரம் ஒரு முறை?" என்ற கேள்விக்கு நான் வாயைத் திறக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. (யாராவது இதைச் செய்வதாக இருந்தால், துணிக்கட்டைத் தினமும் சரிபாருங்கள். முடிந்ததும் புட்டியை அப்படியே ஃபிரீசரில் ஒரு இரவு வைத்துவிட்டுப் பிறகு திறந்து கழுவுங்கள்.)

கவிழ்த்தால் போதாது, தேய்க்கவும் வேண்டும் என்பதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முட்டை நீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் கரிப்பொடிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது, மறுபடி நீர் பட்டால் பொரியும். இதை நான் இரண்டு ஸ்லைடில் எழுதிவைத்திருந்தேன். சரஸ்வதி அதைக் கேட்டுவிட்டு, "இட்லி மாவுக் குண்டானின் விளிம்பில் காய்ந்துபோகுமே, அந்த மாதிரியா? தண்ணீர் விட்டு அலசினால் போகாது, நார் போட்டுத் தேய்க்கவேண்டும்" என்றாள். இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்துவிட்டு, ஒரு மாவுக் குண்டானையும் தேங்காய் நாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன்.

இரண்டாம் பாதி காய்ச்சல். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது வருவதைவிட அது இறங்கும்போதுதான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அந்த நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. உள்ளே ரத்தம் கெட்டியாகிறது. அழுத்தம் சரிகிறது. வீட்டில் இருப்பவர்களோ, "அப்பாடா, காய்ச்சல் விட்டது" என்று அன்றைக்குத்தான் வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் இதற்கு ஒரு கோட்டுப்படம் போட்டிருந்தேன். சரஸ்வதிக்குக் கோடு இறங்குவதைப் பார்த்தவுடன் நல்ல செய்தி என்றுதான் தோன்றியது. ஆகவே நாள்காட்டித் தாள்போல் ஏழு கட்டங்கள் போட்டு, காய்ச்சல் இருக்கும் நாட்களை மஞ்சளாக்கி, காய்ச்சல் விட்ட இரண்டு நாட்களைச் சிவப்பாக்கினேன்.

கசிவுக்கு மண்பானையை உதாரணமாக எடுத்தேன். புதுப் பானையில் நீர் ஊற்றி வைத்தால் உடைசல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் வெளிப்பக்கம் முழுக்க ஈரம் பூத்திருக்கும். எல்லோருக்கும் சட்டென்று புரிகிற உதாரணம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பானை கசிந்தால் நிறைய ஊற்றிக்கொண்டே இருக்கலாம் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். உடம்பில் அப்படி இல்லை. அந்தக் கட்டத்தில் எவ்வளவு நீர் ஏற்றுவது என்பதை மருத்துவமனையில் அளந்து அளந்து தருவார்கள், மிஞ்சினாலும் கெடுதல்தான். அதனால் பானைப் படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "குடிக்க முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாக. குடித்தது வெளியே வந்தால் மருத்துவமனை." அடுத்த ஸ்லைடில் அபாய அறிகுறிகள் மட்டும்: கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது.

மாத்திரை ஸ்லைடில்தான் பெரிய தவறு செய்ய இருந்தேன். "பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரொபேன், டைக்ளோபினாக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். ரத்தப்போக்கைக் கூட்டிவிடும் என்பதால் சொல்வது, சரியான அறிவுரைதான். ஆனால் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் எத்தனை பேர் இதயத்துக்காகத் தினமும் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று யோசித்தபோது எனக்குக் கை சில்லிட்டது. என் ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஒருவர் மறுநாளே அதை நிறுத்திவிட்டால்? ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால்? அதை மாற்றி எழுதினேன்: "காய்ச்சலுக்கு என்று கடையில் வாங்கும்போது பாராசிட்டமால் மட்டும். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்த முதல் நாளே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்." மற்ற ஸ்லைடுகளைவிட இதில் எழுத்து அதிகம். இருக்கட்டும் என்று விட்டேன்.

நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு பற்றி நிச்சயம் கேட்பார்கள் என்று தெரியும். அதை ஸ்லைடாக வைத்தால் பேச்சு அங்கேயே தங்கிவிடும். பதிலை மட்டும் தாளில் குறித்துக்கொண்டேன்: குடிப்பதாக இருந்தால் குடியுங்கள், அதை நம்பிச் சிவப்பு நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கடைசியில் ஏழு ஸ்லைடுகள். மடிக்கணினியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் பத்து அடி தள்ளி நின்று, கண்ணாடி போடாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடியாத எழுத்தைப் பெரிதாக்கினேன்.

கூட்டத்தன்று செயலாளரின் கணினியில் திறந்தபோது தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. நான் பழைய தட்டச்சுப் பழக்கத்தில் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் செய்திருந்தேன். அது அவர் கணினியில் இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய் PDF ஆக மாற்றி எடுத்துவந்தேன். பதினைந்து நிமிடம் போயிற்று. மண்டபத்து ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. காலை பதினொரு மணி வெயிலில் என் சிவப்பு நாட்கள் வெளிறிய ரோஜா நிறத்தில் தெரிந்தன. மஞ்சள் சுத்தமாகத் தெரியவில்லை. கட்டத்துக்குள் "கவனம்" என்று கறுப்பில் எழுதியிருக்கலாம்.

ஆனால் புட்டி காப்பாற்றியது. "இது என் ஃபிரிட்ஜில் பிடித்தது" என்று சொல்லி முதல் வரிசையில் கொடுத்தேன். நான் பேசி முடிக்கும்வரை அது கைமாறிக்கொண்டே இருந்தது. எதிர்பார்த்ததுபோலவே ஒரு பெரியவர் எழுந்து, "நான் எகோஸ்பிரின் சாப்பிடுகிறேன், நிறுத்தவேண்டுமா?" என்று கேட்டார். ஸ்லைடைத் திரும்பப் போட்டு, கடைசி இரண்டு வரிகளை அவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன்.

என்னிடம் பதில் இல்லாத கேள்வியைக் கேட்டவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். "சம்ப்பைக் கவிழ்க்க முடியுமா அம்மா? மூடி இருக்கிறது, ஆனால் மோட்டார் பைப் போகிற ஓட்டை?" நான் மூடியோடு நின்றுவிட்டிருந்தேன், ஓட்டையை யோசிக்கவில்லை. அவரே பதிலும் சொன்னார்: பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துக் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டிவைத்திருக்கிறாராம். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய், அவர் சம்மதத்தோடு அதைப் படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த தெருச் சங்கத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாவுக் குண்டானுக்கு அடுத்ததாக அந்த வேட்டித் துணி போகிறது.