தண்ணீர், குப்பைக் கணக்கெடுப்புக்கு ஒழுங்கை ஆட்களை அழைத்த அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் மேலே ஏறிப் போகிற ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. கீழே வீதியோரம் இருக்கிற வீடுகளில் பைப் தண்ணீர் நன்றாகவே வரும். மேலே போகப் போகக் குறைந்து, விடியப்புறத்தில் சில வீடுகளுக்குச் சொட்டும் நிலைதான். குடியிருப்பாளர் சங்கக் கூட்டம் என்றால் இந்தப் பேச்சும் குப்பை வண்டிப் பேச்சும் இல்லாமல் முடியாது. ஆனால் கடிதம் கொண்டு போனால் தண்ணீர்க் கந்தோரில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வீட்டுக்கு இப்படி?" என்பதுதான். "எல்லாருக்கும்தான்" என்று சொன்னால் எழுதி வைக்கக்கூட மாட்டார்கள். சரி, கேட்டே பார்த்துவிடுவோம் என்று முடிவானது. வட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பை எழுதுகிற வேலை என்னிடம் வந்தது.

செயலாளர் ஐயா ஏற்கெனவே ஒரு வரைவு வைத்திருந்தார். "தண்ணீர்ப் பிரச்சினையால் பாதிக்கப்பட்டவர்கள் இப்படிவத்தை உடன் நிரப்பவும்" என்று அது தொடங்கியது. அந்த ஒரு வரியில்தான் நாங்கள் அதிக நேரம் வாதாடினோம். அப்படிக் கேட்டால் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தான் பதில் தருவார்கள். இருபது பதில் வந்து இருபதிலும் 'தண்ணீர் வரவில்லை' என்று இருந்தால், மிச்ச வீடுகளுக்கு வருகிறதா, அவர்கள் படிவத்தைத் திறக்கவே இல்லையா என்று யாருக்கும் தெரியாது. குறையில்லாத வீடும் பதில் தந்தால்தான் குறை எங்கே தொடங்குகிறது என்று காட்டலாம். கிணறு வைத்திருக்கிறவர்களும் அப்படித்தான். "எங்களுக்கென்ன, கிணறு இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அவர்கள் வாசலிலும் பைப் இருக்கிறதே.

கடைசியில் போன செய்தி இது:

"வணக்கம். நான் கடையடி வீட்டில் இருந்து எழுதுகிறேன், சங்கத்துக்காக. பைப் தண்ணீர், குப்பை வண்டி பற்றி எங்கள் ஒழுங்கையின் எல்லா வீடுகளிலும் ஏழு கேள்வி கேட்கிறோம். உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லாவிட்டாலும், கிணறு பாவித்தாலும் பதில் தேவை. ஐந்து நிமிடம் போதும். பெயர், போன் நம்பர் கேட்கமாட்டோம். ஞாயிறு இரவு வரை நிரப்பலாம். கடதாசியில் நிரப்ப விருப்பம் என்றால் சொல்லுங்கள், வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். பதில்களைக் கூட்டிக் கணக்காக்கித் தண்ணீர்க் கந்தோருக்கும் குப்பை வண்டி அனுப்புகிற அலுவலகத்துக்கும் கொடுப்போம். அதே கணக்கு இந்தக் குழுவிலும் வரும்."

இதன் கீழே இணைப்பு. நீளமான செய்தியை வட்ஸ்அப் பாதியில் மடக்கிவிடும் என்பதால், யார் கேட்கிறார்கள், எதற்கு, 'குறை இல்லாவிட்டாலும்' என்ற மூன்றும் முதலிலேயே வரும்படி வைத்தோம். இதையே சிங்களத்தில் எதிர்வீட்டு அக்கா எழுதித் தந்தார். அவர் மொழிபெயர்க்கவில்லை, தான் அயலவருக்குச் சொல்வதைப் போலவே எழுதினார். அதனால் அது எங்கள் தமிழை விட நன்றாக இருந்தது! ஒழுங்கையின் ஒவ்வொரு பகுதிக்கும் தெரிந்த ஒருவரே தன் போனில் இருந்து அனுப்பினார். தெரியாத நம்பரில் இருந்து இணைப்பு வந்தால் இந்தக் காலத்தில் யார் தட்டுவார்கள்?

கூகுள் படிவத்தில் Limit to 1 response என்று ஒரு தெரிவு இருக்கிறது. ஒரு வீட்டார் இரண்டு முறை நிரப்பாமல் இருக்க நல்லதுதானே என்று தோன்றும். அதைப் போட்டால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லிக் கேட்கும். கடவுச்சொல் மறந்த அம்மம்மாமார் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். நாங்கள் அதை அணைத்துவிட்டு, பகுதிப் பொறுப்பாளரிடம் ஒரு வீட்டுப் பட்டியல் கொடுத்தோம். நிரப்பியாயிற்று என்று சொன்ன வீட்டுக்கு ஒரு சரிக்குறி, அவ்வளவுதான். எந்தப் பதில் எந்த வீட்டுடையது என்று அந்தப் பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. லைனில் நேரடியாக மோட்டர் பூட்டி இழுக்கிறீர்களா என்ற கேள்வியையும் சேர்க்கச் சிலர் சொன்னார்கள். அது அயலவரின் தண்ணீரைக் குறைக்கிற வேலைதான். ஆனால் கேட்டால் உண்மை வராது, அந்த வீட்டார் மற்றக் கேள்விகளுக்கும் பதில் தராமல் போய்விடுவார்கள் என்று விட்டுவிட்டோம்.

"தண்ணீர் போதுமா?" என்று கேட்பதில் பயனில்லை. கூரையில் தாங்கி வைத்திருக்கிறவருக்கு லைன் நின்றதே தெரியாது. அதனால், தாங்கிக்குப் போகாமல் மீற்றருக்குக் கிட்ட நேரே வருகிற பைப்பைக் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் திறந்து, பத்து லீற்றர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று போனில் பார்த்து எழுதச் சொன்னோம். வீட்டின் இடத்தைக் கடைக்குக் கீழே, கடைக்கும் வளைவுக்கும் நடுவே, வளைவுக்கு மேலே என்று பிரித்தோம்.

குப்பைக் கேள்வியிலும் இதே கவனம் தேவைப்பட்டது. "வண்டி ஒழுங்காக வருகிறதா" என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கடைசியாக வண்டி வர வேண்டிய நாளில் வந்ததா, வந்தபோது வீட்டில் ஆள் இருந்தாரா என்று கேட்டோம். வண்டி வராதது வேறு, வந்தும் கொடுக்க ஆள் இல்லாதது வேறு. வேலைக்குப் போகிற வீடுகள் இரவே பையை வாசலில் வைத்துவிட்டுப் போகின்றன. விடியும்போது நாயும் காகமும் கிழித்திருக்கும். இந்த ஊரில் மானும் சேர்ந்துகொள்ளும். பொலித்தீனைத் தின்று செத்த மான்களை நாங்கள் கண்டவர்கள்தான்.

மறுநாள் காலையே பதில்கள் வந்தன, பெரும்பாலும் மேலே இருக்கிற வீடுகளில் இருந்து. கீழே இருந்தவர்களைக் காலையில் கடதாசியோடு போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஒரு ஐயா, "எனக்கு நல்லாத் தண்ணி வருது தம்பி, பிறகேன் நான் நிரப்புறது?" என்றார். "அதைத்தான் எழுதுங்கோ ஐயா, அதுதான் எங்களுக்கு வேணும்" என்றேன். சிரித்துக்கொண்டே வாளியை எடுத்து வந்தார்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அந்த ஐயாவின் வாளிக்கு மதிப்பு வந்தது. கடைக்குக் கீழே வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பியது. கடைக்கும் வளைவுக்கும் நடுவிலும் ஏறக்குறைய அப்படித்தான். வளைவைத் தாண்டியதும் திடீரென நான்கு, ஐந்து நிமிடம். உயரம் கூடினால் அழுத்தம் குறையும், பத்து மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஒரு பார் போய்விடும். ஆனால் அது படிப்படியாகக் குறைய வேண்டும். ஒரே இடத்தில் இப்படி விழுந்தால் உயரத்தோடு வேறு ஏதோவும் இருக்கிறது.

தண்ணீர்க் கந்தோரில் அந்த ஒரு பக்கக் கடதாசியைப் பார்த்த அலுவலர் வளைவு எங்கே என்று கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டார். பிறகு ஆட்கள் காலையில் வந்து பைப்பில் அழுத்தமானி பூட்டிப் பார்த்தார்கள். வளைவுக்குக் கிட்ட மண் மூடிக் கிடந்த ஒரு வால்வு முழுதாகத் திறக்காமல் இருந்திருக்கிறது. அதைத் திறந்த பிறகு வளைவுக்கு மேலே முதல் சில வீடுகளில் வாளி ஒன்றரை நிமிடத்தில் நிரம்புகிறது. உச்சியில் இருக்கிற வீடுகளுக்குக் கூரைத் தாங்கிக்கு இன்னும் ஏறாது. நிலத்தில் தாங்கி வைத்து மோட்டரில் ஏற்றத்தான் வேண்டும்.

குப்பை விஷயத்தில் வந்த பதில், நாங்கள் பேசிக்கொண்டிருந்தது போல இல்லை. வண்டி வரவில்லை என்ற வீடு குறைவு, வந்தபோது ஆள் இல்லை என்ற வீடுதான் கூட. அதனால் வண்டியைக் கூட்டச் சொல்லிக் கேட்காமல், வேலைக்குப் போகுமுன் ஒரு முறை வரும்படி நேரத்தை மாற்றக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை முன்வீட்டுக்காரர் ஒருவர், மூடியுள்ள பெரிய வாளி ஒன்றைத் தன் படலைக்குள் வைத்து, காலையில் போகிறவர்களின் பைகளை வாங்கி வைத்து வண்டிக்குக் கொடுக்கிறார்.