அழித்த குறிப்புகள் திரும்பி வந்த வாரம்

மார்ச் 3

குறிப்பெடுக்கும் செயலி ஒன்றை ஏஐ துணையுடன் எழுதிவருகிறேன். பழைய உரையாடல் மிக நீண்டுவிட்டதால், தரவுத்தளப் பகுதியைச் சீரமைக்கும் வேலையை இன்று புதிய உரையாடலில் தொடங்கினேன். பயனர் ஒரு குறிப்பை நீக்கினால், எங்கள் நிரல் அந்த வரிசையை அழிக்காமல் `deleted_at` புலத்தில் நேரத்தை மட்டும் பதியும். காரணம் எங்கும் எழுதப்படாததால், புதிய உரையாடலில் அது வீண் சிக்கலாகக் கொள்ளப்பட்டு, நேரடியான `DELETE` ஆக மாறிவிட்டது. சோதனைகள் அனைத்தும் தேறின. மாலையில், சில நாள்களாக இணையத்தில் இல்லாத இரண்டாவது கைபேசியை இணைத்ததும், நீக்கிய குறிப்புகள் எல்லாம் திரும்பி வந்தன. நீக்கியதற்கான தடயமே சேவையகத்தில் இல்லாததால், கைபேசியில் இருந்த பழைய பிரதிகளை அது புதியவையென ஏற்றுக்கொண்டது.

மார்ச் 4

மென்பொருள் வடிவமைப்பு முடிவுகளைச் சூழல், முடிவு, நிலை, விளைவு என்று பிரித்துப் பதியும் முறையை 2011இல் மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் எழுதினார். அதில் கைவிட்ட வழி என்ற வரியையும் சேர்த்துக்கொண்டேன். நிரலைப் படித்தால் நாம் செய்தது தெரியும். செய்யாமல் விட்டதும் அதன் காரணமும் தெரியாது. புதிய உரையாடல் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

```
0004: நீக்கிய வரிசைகளை அழிப்பதில்லை
நிலை: ஏற்கப்பட்டது
சூழல்: கைபேசிகள் பல நாள் இணையமின்றி இருக்கும்
முடிவு: deleted_at மட்டும் பதியப்படும்
கைவிட்ட வழி: DELETE; பழைய பிரதி மீண்டும் ஏறிவிடும்
விளைவு: எல்லா வினவலிலும் deleted_at IS NULL தேவை
```

மார்ச் 9

புதிய உரையாடலுக்குக் கொடுப்பதற்காக ஒவ்வொரு முக்கியக் கோப்புக்கும் ஐந்தாறு வரிச் சுருக்கமும் எழுதியிருந்தேன். அதிலும் ஒரு குழி இருந்தது. இரு பிரதிகள் மோதினால் `sync.py` நேரத்தை ஒப்பிடும் என்று சுருக்கம் சொன்னது. நானோ போன வாரமே அதைப் பதிப்பு எண்ணுக்கு மாற்றியிருந்தேன். சுருக்கத்தை நம்பி எழுதப்பட்ட புதிய சோதனை, சரியான நிரலைத் தவறென்று காட்டியது. சுருக்கம் இல்லாதிருந்தால் கோப்பே வாசிக்கப்பட்டிருக்கும். ஆகவே பழைய சுருக்கம், சுருக்கமே இல்லாததைவிட மோசமானது. இனி ஒவ்வொன்றின் தலைப்பிலும், எந்தக் கமிட்டைப் பார்த்து எழுதினேன் என்பதைக் குறித்துவிட்டு, உரையாடலைத் தொடங்குமுன் இதை ஓட்டுவேன்.

```
git diff --stat a41c9e2 -- sync.py
```

வெளியீடு வெறுமையாக இருந்தால் சுருக்கம் செல்லும். இன்னும் கமிட் செய்யாத மாற்றங்களும் இதில் தென்பட்டுவிடும். ஆனால் `sync.py` அழைக்கும் வேறொரு கோப்பு மாறியிருந்தால் இது காட்டாது என்பதால், ஒரு கோப்பின் சுருக்கத்தில் மற்றொன்றின் நடத்தையை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 16

நீக்கிய வரிசைகள் பெருகிவிட்டதால், 90 நாள் கடந்தவற்றை அழிக்கவும், அதைவிட நீண்ட காலம் விலகியிருந்த கைபேசி தன் பிரதியை ஏற்றாமல் முழுவதையும் புதிதாகப் பெறவும் முடிவு செய்து, அதை 0011 என்று பதிந்தேன். 0004ஐத் திருத்தி எழுதவில்லை. அதன் நிலையை மட்டும் "0011ஆல் மாற்றப்பட்டது" என்று குறித்தேன். இன்றைய புதிய உரையாடலுக்கு இரண்டையும் கொடுத்தேன். அழிக்கும் வேலை 90 நாள் வரம்புடன் எழுதப்பட்டது. `deleted_at` புலத்தில் எந்த மாற்றமும் இல்லை.