மழைப் பதிவில் விடுபட்ட நாட்கள்

இராமநாதபுரம் கடலோர வட்டாரங்களின் விவசாயிகளுக்குக் கைபேசியில் ஆலோசனை அனுப்பும் ஒரு திட்டத்தில் தரவுத்தளப் பொறுப்பு என்னுடையது. தினமும் காலையில் மழைமானி அளவுகளையும் வானிலை முன்னறிவிப்பையும் எடுத்து அட்டவணையில் ஏற்ற வேண்டும். எந்த வட்டாரத்துக்கு எந்தச் செய்தி போக வேண்டும் என்பதை அந்த அட்டவணைதான் தீர்மானிக்கும். ஏற்றும் வேலை சில வாரங்களில் பழகிவிட்டது. வராத அளவுகளை என்ன செய்வது என்பதுதான் இன்றுவரை என் நேரத்தையும் கவனத்தையும் எடுத்துக்கொள்கிறது.

நான் வந்தபோது இருந்த பழைய அட்டவணையில் அளவு வராத நாட்களுக்கெல்லாம் 0 போடப்பட்டிருந்தது. பார்ப்பதற்குக் குறை தெரியாது. வரிசை முழுமையாக இருக்கும். ஆனால் மழைமானியைப் படித்து, மழை இல்லை என்று எழுதிய 0 வேறு. யாரும் படிக்காத நாளில் நிரப்பிய 0 வேறு. இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே உருவில் உட்கார்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

இந்த மாவட்டத்தில் அதன் விளைவு உடனே வயலில் தெரியும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. நெல்லைப் பெரும்பாலும் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். முளைத்த பயிருக்கு எப்போது மேலுரம் இடுவது, எப்போது களையெடுப்பது என்பதெல்லாம் அந்த வாரம் மண் எவ்வளவு நனைந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் மூன்று நாள் அளவு வராமல் அவை 0 ஆகிவிட்டால், தரவுத்தளம் அந்த வட்டாரத்தை வறட்சி என்று எடுத்துக்கொள்ளும். திருவாடானைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மழை இல்லை, பயிரைக் காப்பாற்ற இப்படிச் செய்யுங்கள் என்று செய்தி வருகிறதே தம்பி, யாரைக் கேட்டு அனுப்புகிறீர்கள்?" அவர் கோபம் முற்றிலும் நியாயமானது. பெருமழை பெய்யும் நாளில்தான் மின்சாரம் போகிறது, பாதை அடைபடுகிறது, அளவைப் படிப்பவரால் அனுப்ப முடியாமல் போகிறது. ஆகவே விடுபட்ட நாட்களில் மழை நாட்களின் பங்கு அதிகம். அவற்றை 0 ஆக்குவது பிழையை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது.

எனவே வராத நாளுக்கு எண் எதுவும் போடாமல் வெற்றாகவே, அதாவது `NULL` ஆகவே, விட்டோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. `SUM` வெற்றுக் கட்டங்களைச் சத்தமின்றித் தாண்டிவிடும். ஏழு நாளில் நான்கு நாள் மட்டும் வந்திருந்தாலும் கூட்டுத்தொகை முழு வாரத்தின் தொகை போலவே வந்து நிற்கும். அதனால் மழை அளவோடு, அது எத்தனை நாளைச் சேர்ந்தது என்பதையும் கூட்டுகிறோம்.

```sql
SELECT s.id, SUM(r.rain_mm) AS mm,
       COALESCE(SUM(r.days_covered), 0) AS days
FROM station s
LEFT JOIN rain r
  ON r.station_id = s.id
 AND r.from_date >= '2024-11-15'
 AND r.obs_date  <= '2024-11-21'
GROUP BY s.id;
```

`days` ஏழுக்குக் குறைந்தால் வறட்சிக்கான விதி ஓடாது. அந்த நிலையத்தின் பெயர் காலையில் என் திரையில் வரும். நான் தொலைபேசியை எடுப்பேன்.

`days_covered` என்ற பத்தி எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு நிலையத்தில் சனி, ஞாயிறு அளவு வரவில்லை. திங்கட்கிழமை 71 மி.மீ. என்று வந்தது. வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 64.5 மி.மீ. தொட்டாலே கனமழை. எண்ணை மட்டும் நம்பினால் திங்களன்று அங்கே கனமழை. ஆனால் அருகிலிருந்த நிலையத்தில் அதே மூன்று நாட்களில் 34, 22, 9 என்று பதிவாகியிருந்தது. இரண்டு வெற்று நாட்களுக்குப் பின் ஒரு பெரிய எண், பக்கத்து நிலையத்திலோ அந்த நாட்களில் பரவலான மழை: இப்படி இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அளவெடுப்பவரை அழைத்தேன். "சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டியிருந்தது சார். குடுவையில் சேர்ந்திருந்ததை இன்றைக்குத்தான் அளந்தேன்" என்றார்.

அப்படியானால் 71 பொய்யில்லை; அது மூன்று நாளின் மழை. `from_date` சனிக்கிழமை, `obs_date` திங்கட்கிழமை, `days_covered` 3 என்று ஒரே பதிவாக வைத்தோம். வாரத் தொகைக்கு அது முழுமையாகப் பயன்படும். எத்தனை நாள் மழை பெய்தது என்ற கேள்விக்கு மட்டும் அந்த நிலையம் பதில் சொல்லாது. நாள்வாரியாகக் கட்டாயம் தேவைப்பட்டால், பக்கத்து நிலையத்தின் விகிதத்தில் பிரிக்கலாம்: சுமார் 37, 24, 10. ஆனால் அவை மதிப்பீடுகள். தனிப் பத்தியில்தான் இருக்க வேண்டும். அளந்த எண்ணோடு கலக்கக் கூடாது.

பக்கத்து நிலையத்தை வைத்து விடுபட்ட நாளையே நிரப்பலாமே என்று சொல்பவர்கள் உண்டு. உள்நாட்டுச் சமவெளியில் ஓரளவு ஒத்துவரலாம். எங்கள் கடற்கரையில் அந்த வழியை நான் ஏற்பதில்லை. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் 400 மி.மீ.-க்கு மேல் கொட்டியது. அதே தீவில் உள்ள பாம்பனில் பதிவானது ஏறத்தாழ 280. இந்த இரண்டுக்கும் நடுவிலேயே அவ்வளவு இடைவெளி. அன்று இராமேசுவரம் அளவு வராமல் போயிருந்து, பாம்பனை வைத்து நிரப்பியிருந்தால் நூறு மி.மீ.-க்கு மேல் குறைந்திருக்கும்; நிலப்பக்கத்து நிலையங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் இன்னும் மோசம்.

அந்த நாளிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. காலை 8.30 மணிக்கு எடுக்கும் அளவு, முந்தைய 24 மணி நேரத்துக்கு உரியது. 20ஆம் தேதி பகலில் பெய்தது 21ஆம் தேதிப் பதிவில் ஏறும். 20க்கு அளவு வரவில்லை என்று தேடும்போது, உண்மையில் காணாமல் போனது 19ஆம் தேதிப் பகல் மழையாக இருக்கும். இப்போது விவசாயிக்குப் போகும் செய்தியில் தேதியைத் தனியாக எழுதுவதில்லை; "நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை" என்றே எழுதுகிறோம்.

முன்னறிவிப்பில் விடுபட்ட நாளின் கதை வேறு. மாவட்டத்துக்கான முன்னறிவிப்பு ஐந்து நாட்களுக்கு வருகிறது. இன்றையது வந்து சேராவிட்டால், நேற்றையதிலேயே இன்றுக்கும் அடுத்த மூன்று நாட்களுக்கும் கணிப்பு இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதற்காகவே ஒவ்வொரு கணிப்பிலும் இரண்டு தேதிகளை வைக்கிறோம்: வெளியிட்ட நாள், எந்த நாளுக்கான கணிப்பு என்பது. புதியது வந்ததும் பழையதை அழித்து எழுதாமல் இரண்டையும் வைத்திருந்தால்தான் எது எவ்வளவு பழையது என்று தெரியும். இரண்டு நாளுக்கு மேல் பழையதானால், மேலுரத்தை நிறுத்தி வையுங்கள் என்பது போன்ற செய்தியை அதை மட்டும் நம்பி அனுப்புவதில்லை. முன்னறிவிப்பு எண்ணை மழைப் பதிவின் வெற்றுக் கட்டத்தில் போடுவதற்கும் அனுமதி இல்லை. பெய்யலாம் என்று சொன்னதைப் பெய்ததாக எழுதிவிட்டால், பருவம் முடிந்து கணிப்பு எவ்வளவு பலித்தது என்று ஒப்பிடும்போது அந்த நாட்களெல்லாம் தாமாகவே சரி என்று வந்துவிடும்.

வாரம் முழுமையாகாத வட்டாரத்துக்கு இப்போது போகும் செய்தி இது: "உங்கள் பகுதியின் மழை அளவு இந்த வாரம் நான்கு நாட்களுக்கு மட்டுமே கிடைத்துள்ளது. மேலுரம் இடும் முன் வயலின் ஈரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்." செய்தி நீளமாகிறது என்று அலுவலகத்தில் ஆட்சேபம் வந்தது. முதல் வாக்கியத்தை எடுக்க நான் சம்மதிக்கவில்லை.